நின்றிருந்த பெட்டியில் தீ: மதுரை, 2023 ஆகஸ்ட் 26

அதிகாலை 3.47க்குப் புனலூர் – மதுரை எக்ஸ்பிரஸ் மதுரை வந்து சேர்ந்தது. அதன் கடைசியில் லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் அதைக் கழற்றி, நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டிகளை நிறுத்திவைக்கும் தண்டவாளத்தில் விட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான யாத்ரீகர்கள். ஆகஸ்ட் 17 அன்று லக்னோவில் கிளம்பி, தென்னாட்டுக் கோயில்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். முந்தைய நாள் நாகர்கோவிலில் அந்தப் பெட்டி இந்த ரயிலோடு சேர்க்கப்பட்டது. 27ஆம் தேதி சென்னை போய், அங்கிருந்து லக்னோ திரும்புவதாகத் திட்டம்.

5.15 மணிக்குத் தீ தெரிந்தது. 5.45க்குத் தீயணைப்பு வண்டிகள் வந்தன. 7.15க்குத் தீ முழுதாக அணைந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற வேறு எந்தப் பெட்டிக்கும் சேதம் இல்லை. பயணிகள் மறைத்துக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர்தான் தீக்குக் காரணம் என்று தெற்கு ரயில்வே அன்றே அறிவித்தது. காலையில் டீ, காபி போட அடுப்பு பற்றவைத்தபோது தீப்பிடித்ததாகத் தகவல் வந்தது. சுற்றுலா நடத்தியவர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள்.

இந்தப் பெட்டி ஓடவில்லை, எதிலும் மோதவில்லை, தடம் புரளவும் இல்லை. ஒரு ரயில் நிலையத்தின் ஓரத்தில், ஒரு பெரிய ஊரின் நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அப்படியும் ஒன்பது பேரால் வெளியே வர முடியவில்லை. ரயிலிலும் பேருந்திலும் அடுப்பு, பட்டாசு, பெட்ரோல் கேன் ஏன் கூடாது என்பதை இந்த ஒரு சம்பவத்தை வைத்தே முழுதாகப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த யாத்ரீகர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. வயதானவர்கள், பழகிய சாப்பாடு, விடியற்காலையில் ஒரு வாய் டீ. இவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டில் முப்பது வருடமாகத் தினமும் தொட்டுப் புழங்கிய பொருள் அந்த சிலிண்டர். அதைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

வீட்டில் சாது, பெட்டியில் வேறு

சமையலறையில் சிலிண்டர் ஏன் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை? சிலிண்டர் நிமிர்ந்து, ஆடாமல் நிற்கிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. வாசனை வந்தால் நமக்குத் தெரிகிறது, ரெகுலேட்டரை மூடுகிறோம். ஏதாவது ஆனால் இரண்டு எட்டு வைத்து வெளியே போய்விடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கும், வருகிற தீயணைப்பு வீரருக்கும் அங்கே சிலிண்டர் இருப்பது தெரியும்.

மறைத்துக் கொண்டுபோகும்போது இதில் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகிறது. சாக்கில் சுற்றி, சீட்டுக்கு அடியில் படுக்கவைத்து, மேலே நான்கு பையை அடுக்குகிறோம். வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுச் சமைக்கிறோம். பக்கத்து பெர்த்தில் தூங்குபவருக்கு அது இருப்பதே தெரியாது. பொருள் அதேதான், ஆனால் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று தெரிய, எரிவாயுவின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமான புரொப்பேனும் பியூட்டேனும். வெளியே வந்ததும் அது சுமார் 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது. ஒரு கிலோ எரிவாயு வெளியே வந்தால் ஏறக்குறைய அரை கன மீட்டர் இடத்தை அடைக்கும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். அதனால் அது மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் வழிந்து, பள்ளத்தில் தேங்கும்.

அடுத்தது, அது எந்த அளவில் பற்றும் என்பது. காற்றில் ஏறக்குறைய 2 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றும். அதற்குக் கீழே இருந்தால் எரியப் போதாது, மேலே இருந்தால் காற்று போதாது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுக்கை வசதிப் பெட்டியில் எதிரெதிர் பெர்த்துகள் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, அதாவது அரை மீட்டர் உயரத்துக்கு மட்டும் பார்த்தால், அந்த இடம் இரண்டு கன மீட்டர். அதில் 2 விழுக்காடு என்றால் 40 லிட்டர் வாயு. எடையில் சுமார் 80 கிராம். ஒரு டம்ளர் டீத்தூள் எடைதான் இருக்கும். அவ்வளவு கசிந்தாலே முழங்கால் உயரத்துக்கு அந்த இடம் பற்றத் தயார்.

80 கிராம் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டு அடுப்பின் ஒரு பர்னர், முழுதாகத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 150 கிராம் எடுக்கும். பற்றவைக்காமல் குமிழை மட்டும் திறந்துவிட்டால் அரை மணியில் 80 கிராம் வந்துவிடும். ஆனால் ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டரின் வாயிலேயே கசிவு இருந்தால் கதை வேறு. அங்கே ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்திருக்காது. வெயில் நாளில் சிலிண்டருக்குள் சுற்றுக் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். அப்படிப்பட்ட கசிவில் அதே 80 கிராம் சில நிமிடங்களில், ஏன், அதற்கும் குறைவான நேரத்தில் வந்துவிடும்.

எங்கே கசிகிறது

அந்த வாயில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. விரல் மோதிரம் அளவு. ரெகுலேட்டரை மாட்டும்போது அதன் மூக்கு இந்த வாஷர்மேல் அமர்ந்துதான் வாயு வெளியே போகாமல் அடைபடுகிறது. வீட்டில் சிலிண்டர் மாற்றும்போது கொண்டுவருபவர் மூடியைத் திறந்து, வாயில் சோப்புத் தண்ணீரோ சாதாரணத் தண்ணீரோ ஊற்றி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குமிழிதான் வாஷர் கெட்டிருப்பதைக் காட்டுகிறது.

ஓடுகிற ரயிலில் சிலிண்டர் பத்து நாளும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. மாட்டுவதும் கழற்றுவதும் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் மறைத்துவைக்கக் கழற்ற வேண்டும், சமைக்க மறுபடி மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வாஷர் கொஞ்சம் தேயும், ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் அடைப்பு சரியாக விழாது. ரப்பர் குழாயைச் சுருட்டிப் பையில் திணிப்பதால், மடங்கிய இடத்தில் விரிசல் விழும். படுத்த நிலையில் சிலிண்டரைத் திறந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வந்துவிடும். அந்தத் திரவம் வெளியே வந்து 250 மடங்கு விரிகிறது. அடுப்பின் தீ நாக்கு திடீரென்று அடி உயரம் எழுந்து சீறுவது அப்போதுதான்.

பயணத்துக்கென்றே பலர் எடுத்துப்போவது பெரிய 14.2 கிலோ சிலிண்டர் அல்ல, தலையிலேயே பர்னர் பொருத்திய சின்ன சிலிண்டர். எனக்கு அதன் மேல்தான் அதிகப் பயம். பல இடங்களில் அதைப் பெரிய சிலிண்டரிலிருந்து தலைகீழாகக் கவிழ்த்து, அளவு பார்க்காமல் நிரப்பிக் கொடுக்கிறார்கள். திரவத்துக்கு மேலே வாயுவுக்கு என்று கொஞ்சம் இடம் விட வேண்டும், சிலிண்டர் கொள்ளளவில் சுமார் 80 விழுக்காடுதான் திரவம் இருக்கலாம். சூடேறும்போது திரவம் விரியும், அந்த விரிவுக்கு இடம் வேண்டும். விளிம்பு வரை நிரப்பிய சிலிண்டர் வெயில் அடிக்கும் பெட்டியில் சூடேறினால் உள்ளே விரிய இடமில்லை. அழுத்தம் நேராக இரும்புச் சுவரைத் தள்ளும். அதோடு, பர்னர் மேலேயே இருப்பதால் பாத்திரம் வைத்ததும் தலை கனத்துவிடும். பெட்டி ஒரு குலுக்கு குலுக்கினால், எரிகிற அடுப்பும் கொதிக்கிற தண்ணீரும் சிலிண்டரும் சேர்ந்து சாயும்.

நின்ற பெட்டி ஏன் இன்னும் மோசம்

ஓடாத பெட்டிதானே, இறங்கிப் போக வேண்டியதுதானே என்று அன்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிற்பதே சில விதத்தில் பாதகம்.

ஓடும்போது ஜன்னல் வழியே காற்று வந்து, கசிந்த வாயுவைக் கலைத்துவிட வாய்ப்பு உண்டு. நிற்கும்போது காற்றோட்டம் இல்லை. விடியற்காலையில் கொசுவுக்கும் குளிருக்கும் திருட்டுக்கும் பயந்து ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருக்கும். வாயு தரையோடு தரையாகத் தேங்கும்.

அப்புறம், தனிப் பெட்டி என்பது. வழக்கமான ரயிலில் ஒரு பெட்டியில் தீ என்றால், இரு பக்கமும் உள்ள இணைப்பு வழியாக அடுத்த பெட்டிக்கு ஓடலாம். கழற்றி விடப்பட்ட ஒற்றைப் பெட்டியில் அந்த வழி எங்கும் போகாது. வெளியே வர முனைகளில் உள்ள கதவுகள்தான். அதில் ஒரு பக்கத்தைத் தீ மறித்தால் மிச்சம் இருப்பது மறுபக்கம் மட்டும். ஜன்னல்களில் கம்பி இருக்கும், அவசர ஜன்னல் எது என்று இருட்டிலும் புகையிலும் தேடுவது லேசான காரியம் இல்லை. நடைபாதை மேடை இல்லாத இடத்தில் பெட்டி நிற்பதால், கதவுக்கு வந்தாலும் ஓர் ஆள் இடுப்புக்கு மேலான உயரத்திலிருந்து ஜல்லிக் கற்கள்மேல் இறங்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தயங்கி நின்றாலே பின்னால் வருபவர்களின் வழி அடைபடும்.

தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். இருக்கையின் ரெக்சின், நுரை மெத்தை, பத்து நாள் பயணத்துக்கான துணிமணிகள், பிளாஸ்டிக் பைகள் எல்லாம் எரியும்போது கறுப்புப் புகையோடு கார்பன் மோனாக்சைடு வரும். இரண்டு மூன்று முறை மூச்சிழுத்தாலே தலை சுற்றி, கதவு எந்தப் பக்கம் என்ற புத்தி தடுமாறும். எரிவாயு தரையில் ஓடிப் பற்றுகிறது, புகை கூரையிலிருந்து கீழே இறங்குகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தீயணைப்பு வண்டி அரை மணியில் வந்தது தாமதம் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு அந்த அரை மணியில் முதல் சில நிமிடங்கள்தான் கணக்கு.

வந்து சேரும் தீயணைப்பு வீரர்களையும் நினைக்க வேண்டும். உள்ளே எத்தனை சிலிண்டர், எந்த இடத்தில், நிரம்பியதா காலியா? சொல்ல ஆள் இல்லை. தீயில் காயும் சிலிண்டரில், திரவம் தொடாத மேல்பகுதி இரும்புதான் முதலில் பலம் இழக்கும். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் திரவம் மொத்தமும் ஒரே கணத்தில் வாயுவாகி நெருப்புப் பந்தாக வெடிக்கும். சமையலறைத் தீக்குப் போகும்போது அவர்கள் இதை எதிர்பார்த்துப் போவார்கள். ரயில் பெட்டிக்கு அப்படி எதிர்பார்த்துப் போக வழியில்லை.

ஓடும் ரயிலில் இதே தீ

ஓடும்போது என்ன ஆகும் என்பதற்கு எகிப்து சாட்சி. 2002 பிப்ரவரி 20, பக்ரீத்துக்கு முந்தைய நாட்கள். கெய்ரோவிலிருந்து தெற்கே போன ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. அல் அய்யாத் என்ற ஊருக்குப் பக்கத்தில், சமைக்கும் எரிவாயு அடுப்பிலிருந்து ஒரு பெட்டியில் தீப்பிடித்ததாகச் சொல்லப்பட்டது. ஓட்டுநருக்கு விஷயம் தெரியாததால் ரயில் தொடர்ந்து ஓடியது. ஓட்டத்தின் காற்று தீயை ஊதி, பின்னால் இருந்த பெட்டிகளுக்குக் கொண்டுபோனது. ஏழு பெட்டிகள் எரிந்தன. ஜன்னல்களில் கம்பி. 360க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

மதுரையில் காற்று இல்லாதது பாதகம், அல் அய்யாத்தில் காற்று இருந்தது பாதகம். ஆக, ரயிலில் அடுப்பு பற்றவைக்க நல்ல வேளை என்று ஒன்று கிடையாது.

பெட்ரோல் கேன், பட்டாசு

ஓர் இரவுப் பேருந்தில் நான் நேரில் பார்த்தது இது. கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். பின்சீட்டில் பெட்ரோல் வாடை. முதலில் வண்டியின் வாடை என்றே எல்லாரும் நினைத்தோம். ஓர் அம்மாவுக்கு வாந்தி வர, கண்டக்டர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி டிக்கியைத் திறந்தார். துணிமூட்டைகளுக்கு நடுவே ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று. மூடிக்கு அடியில் பாலிதீன் தாளை மடித்து வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். கேன் உப்பி, மூடி ஓரத்தில் ஈரம் பளபளத்தது. கீழே இருந்த மூட்டை நனைந்திருந்தது.

“தம்பி, இது யாரோடது?”

“என்னோடதுதான் அண்ணே. பைக்குக்கு. ஊர்ல ராத்திரி பங்க் மூடியிருக்கும்னு வாங்கினேன்.”

கண்டக்டர் திட்டவே இல்லை. கேனைச் சாலையோரத்துக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு, டிக்கியைப் பத்து நிமிடம் திறந்தே விட்டார். அதுவரை ஓட்டுநரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவிடவில்லை. அவர் செய்தது எவ்வளவு சரி என்று பின்னால் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஆவியானால் ஏறக்குறைய 200 லிட்டர் ஆவி. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 விழுக்காடு இருந்தாலே பற்றும். அதாவது ஒரே ஒரு லிட்டர் சுமார் 14 கன மீட்டர் காற்றைப் பற்றும் கலவையாக்கிவிடும். பேருந்தின் டிக்கி அதைவிடச் சின்னது. பெட்ரோல் பற்றவும் சூடு தேவையில்லை, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும் அது பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். டிக்கி விளக்கின் சுவிட்ச் ஒரு பொறி தட்டினால் போதும். தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ செய்த கேன் பெட்ரோலுக்கு ஆகாது. உள்ளே ஆவி அழுத்தம் ஏறும், மூடி தாங்காது. ‘காலி கேன்தானே’ என்பதும் சரியில்லை. அடியில் ஒரு மூடியளவு மிச்சம் இருந்தாலே அந்தக் கேன் முழுக்க ஆவிதான். ரயிலில் பைக்கை பார்சல் போடும்போது டேங்கைக் காலி செய்யச் சொல்வது இதனால்தான்.

பட்டாசு இன்னொரு வகை. எரிவாயுவும் பெட்ரோலும் எரிய வெளியிலிருந்து காற்று வேண்டும். பட்டாசு மருந்திலோ ஆக்சிஜன் தரும் உப்பும் உள்ளேயே கலந்திருக்கிறது. போர்வை போட்டு மூடினாலும், மணல் கொட்டினாலும் அது எரிந்து முடித்துத்தான் நிற்கும். கடையில் பெட்டியாக அடுக்கி, தனியாக வைத்திருப்பதற்கும், பையில் துணியோடு திணித்து, மேலே ஒரு டிரங்குப் பெட்டியை வைத்து எட்டு மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் உண்டு. வெடி உடைந்து மருந்து பொடியாகக் கொட்டும். அந்தப் பொடி உராய்வுக்கும் அடிக்கும் கூச்சப்படும். ஒன்று பற்றினால் மற்றதெல்லாம் தொடரும், பற்றிய துண்டுகள் நாலா பக்கமும் சிதறும். ஒரே இடத்தில் தொடங்கிய தீ பத்து இடத்தில் இருக்கும். குழந்தைகளுக்கென்று வாங்கும் மத்தாப்பு, சக்கரம் எல்லாம் இதில் சேர்த்திதான்.

பட்டியலில் இல்லாத சரக்கு

2025 அக்டோபர் 24. ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குப் போன தனியார் சொகுசுப் பேருந்து, கர்னூல் அருகே அதிகாலையில், சாலையில் விழுந்து கிடந்த மோட்டார் சைக்கிள்மேல் ஏறி அதை இழுத்துக்கொண்டு போனது. பேருந்து எரிந்தது. பயணிகளில் 19 பேரும், அந்த மோட்டார் சைக்கிளில் வந்தவரும் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்த ஒரு விஷயம்: பேருந்தின் சரக்குப் பகுதியில் 234 ஸ்மார்ட்போன்கள் பார்சலாக இருந்தன. பெங்களூருக்கு அனுப்பிய வியாபாரச் சரக்கு. அவற்றின் பேட்டரிகள் வெடித்துத் தீயை மேலும் மூர்க்கமாக்கின என்று தடயவியல் ஆய்வாளர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது.

போன் தடை செய்யப்பட்ட பொருளா? இல்லை, எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆனால் 234 லித்தியம் பேட்டரிகள் ஒரே இடத்தில், படுத்துத் தூங்கும் பயணிகளின் காலடியில் இருப்பது வேறு. ஒன்று சூடேறினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று தொடரும். காற்றை மறித்து அணைப்பதும் எளிதில்லை. பயணிகளில் எவருக்கும் தங்கள் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. தீயை அந்தப் போன்கள் தொடங்கிவைக்கவில்லை. மோதலில் பிறந்த தீக்கு, யாரும் சொல்லாமல் வைத்த சரக்கு தீனி போட்டது.

சட்டம் என்ன கேட்கிறது

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 67ஆம் பிரிவைப் படித்தால் ஒன்று கவனத்தில் படும். அது வெறுமனே ‘கொண்டுவராதே’ என்று மட்டும் சொல்லவில்லை. அபாயகரமான பொருளை, அதன் தன்மையை எழுத்தில் தெரிவிக்காமல் கொண்டுவரக்கூடாது, அனுப்பவும் கூடாது. பார்சலின் வெளியே அது என்ன என்று தெளிவாகக் குறித்திருக்க வேண்டும் என்கிறது. சந்தேகப்பட்டால் ஊழியர் மறுக்கலாம், திறந்தும் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் உயிர், சொல்லிவிடு என்பதில் இருக்கிறது. தெரிந்தால் அதைத் தனி வண்டியில், தனி இடத்தில், மக்களிடமிருந்து தள்ளி வைக்கலாம். ரயில்வே பெட்ரோலையும் எரிவாயுவையும் டேங்கர் வண்டிகளில் நிறையவே கொண்டுபோகிறது, அதே தண்டவாளத்தில்தான்.

மீறினால் 164ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஏற்படும் இழப்புக்கும் அவரே பொறுப்பு. சிறைத் தண்டனை கனமானதுதான், ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் இன்று யாரையும் யோசிக்க வைக்கும் தொகை இல்லை என்பது என் கருத்து.

மதுரையில் தப்பு நுழைந்த ஓட்டையும் இங்கேதான். தனிப் பெட்டியை ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வழியாக யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். பெட்டியைப் போக்குவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், எரிவாயு சிலிண்டர் போன்ற தீப்பிடிக்கும் பொருள் கூடாது என்பது நிபந்தனை. அதைக் காகிதத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால் சரி. அதற்கப்புறம் பத்து நாளில் அந்தப் பெட்டி எத்தனையோ நிலையங்களில் கழற்றப்பட்டு, நிறுத்தப்பட்டு, வேறு ரயிலில் சேர்க்கப்பட்டது. நிலைய வாசலில் பயணிகளின் பைகளைப் பார்க்கும் இயந்திரம் இந்தப் பெட்டியின் உள்ளே ஏற்கனவே இருப்பதைப் பார்க்காது. பெட்டியைக் கழற்றுபவருக்கு இணைப்பும் பிரேக்கும்தான் வேலை, உள்ளே எட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. ஒவ்வொரு இணைப்பின்போதும் ஒருவர் ஏறி, சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது பெரிய செலவு இல்லை. அதைவிட முக்கியம், இத்தனை நாள் பயணம் போகும் வயதானவர்களுக்குக் காலையில் வெந்நீரும் டீயும் நிலையத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்வது. தேவை இருக்கும்வரை அடுப்பு எப்படியாவது சீட்டுக்கு அடியில் வந்துவிடும்.

பெட்டியில் வாடை வந்தால்

எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி வரும் அந்த வாடை, தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் மெர்காப்டன். வாயு பற்றும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்குக்குத் தெரிகிற அளவில் சேர்க்கிறார்கள். ஆனால் வாயு தரையில் தேங்குவதால், மேல் பெர்த்தில் படுத்திருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். கழிப்பறை வாடையிலும் சாப்பாட்டு வாடையிலும் அது மறைந்துபோகும். கொஞ்ச நேரம் அந்த வாடையிலேயே இருந்தால் மூக்கு மரத்தும் விடும், ‘இப்ப வரலையே’ என்று தோன்றும். அதனால் முதல் தடவை தெரிந்த உடனே கிளம்ப வேண்டும். புஸ் என்ற மெல்லிய சத்தம், சிலிண்டர் வாயில் பனி படிந்த மாதிரி வெண்மை இவையும் கசிவின் அடையாளங்கள்.

விளக்கு, மின்விசிறி, சார்ஜர் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. இரு பக்கக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறக்க வேண்டும். தூங்குபவர்களை எழுப்பி, கதவுப் பக்கம் நகர்த்த வேண்டும், வயதானவர்களை முதலில். ரயில் நின்றிருந்தால் உடனே எல்லாரும் இறங்கிவிட வேண்டும், பை எடுக்க யாரும் திரும்பக்கூடாது. ஓடுகிறது என்றால் டிக்கெட் பரிசோதகரையோ பாதுகாப்புப் படையினரையோ கூப்பிட வேண்டும், பெட்டியை விட்டுத் தள்ளி வந்ததும் ரயில்வே உதவி எண்ணான 139க்குப் பேச வேண்டும். தீயே தெரிந்துவிட்டால் சங்கிலியை இழுப்பதில் தயக்கம் வேண்டாம். சிலிண்டரை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவது மட்டும் கூடாது. கல்லில் மோதி வால்வு உடைந்தால் அந்தத் திரவம் எங்கே, யார் மேல் சீறும் என்று தெரியாது.

அப்புறம், தீயணைப்பு வண்டி வந்ததும் முதலில் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய தகவல் ஒன்று உண்டு. உள்ளே சிலிண்டர் இருக்கிறது, இத்தனை இருக்கிறது, எந்தப் பக்கக் கதவிலிருந்து எத்தனையாவது பகுதியில், எந்த சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று. கொண்டுவந்தவர் நீங்களே ஆனாலும் அந்த நேரத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தண்ணீரை முதலில் எங்கே அடிப்பது, தன் ஆட்களை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று தீயணைப்பு அதிகாரி அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.